வேதம் மக்கள் மொழிக்கு வந்தபோது அதிகாரம் எதைக் கண்டு அஞ்சியது

கேள்வி: பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரைக் கொன்றார்கள் என்று படித்தேன். குர்ஆன் மொழிபெயர்ப்புக்கும் எதிர்ப்பு இருந்ததாம், நம் ஊரில் வேதத்தைக் கேட்கவே தடை இருந்ததாம். சாமானியர் தம் மொழியிலேயே வேதத்தைப் படிப்பது மதத் தலைவர்களுக்கு ஏன் இவ்வளவு பயத்தைக் கொடுத்தது? அறியாமையில் மக்களை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் காரணமா?

மக்களை இருட்டில் வைத்திருக்கும் எண்ணம் சிலரிடம் இருந்திருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு தடைகளின் வரலாற்றைப் படித்தால் பாதி செய்திகள் பொருந்தாமல் நிற்கும். ஜெர்மன் மொழியில் 1466-லேயே முழு பைபிள் அச்சாகிவிட்டது; மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் மொழிபெயர்ப்புக்கு முன்பே ஜெர்மனியில் முழு பைபிளின் பதிப்புகள் பல வெளிவந்திருந்தன. அதே திருச்சபை, அதே போப், ஆனால் இங்கிலாந்தில் ஆங்கில பைபிள் வைத்திருப்பது மதத்துரோகத்துக்கான சாட்சியமாக நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. எனவே மொழிபெயர்ப்பு என்ற செயலே பயத்தை உண்டாக்கியது என்று சொல்வதற்கில்லை. எதைத் தடுத்தார்கள், எதைத் தடுக்காமல் விட்டார்கள் என்று தடை ஆணைகளின் வாசகத்தையே கூர்ந்து பார்த்தால் பயத்தின் உண்மையான இடம் தெரியும். இங்கிலாந்தின் கதையில் ஆவணங்கள் நிறைய இருப்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன். மற்ற மரபுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஜான் விக்லிஃபின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் 1380-களில் லத்தீன் பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். விக்லிஃப் வெறும் மொழிபெயர்ப்பு ஆர்வலர் அல்லர். திருச்சபைக்குச் சொத்து இருக்கக் கூடாது, பாவத்தில் வாழும் குருவின் அதிகாரம் செல்லாது, திவ்விய நற்கருணையைப் பற்றித் திருச்சபை சொல்லும் விளக்கம் தவறு என்றெல்லாம் அவர் எழுதியிருந்தார். 1381-இல் விவசாயிகள் ஆயுதம் ஏந்தி லண்டனுக்குள் புகுந்து கான்டர்பரிப் பேராயரின் தலையை வெட்டினார்கள்; அதற்கு விக்லிஃப் நேரடிக் காரணமில்லை என்றாலும், ஆட்சியாளர்களின் மனத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கடைசியில் பேராயர் தாமஸ் அருண்டெல் 1407-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூட்டிய மன்றத்தில் வகுக்கப்பட்டு 1409-இல் அறிவிக்கப்பட்ட விதிகளில் மொழிபெயர்ப்புத் தடை இடம்பெற்றது.

அந்த விதி சொல்வது இதுதான்: யாரும் தம் சொந்த அதிகாரத்தில் வேதத்தின் எந்தப் பகுதியையும் ஆங்கிலத்திலோ வேறு மொழியிலோ நூலாகப் பெயர்க்கக் கூடாது, விக்லிஃபின் காலத்திலோ அதன் பிறகோ புதிதாக எழுதப்பட்ட அத்தகைய நூலை, மறைமாவட்ட ஆயரோ மாகாண மன்றமோ அனுமதிக்கும் வரை யாரும் படிக்கக் கூடாது. இதில் ‘சொந்த அதிகாரத்தில்’, ‘அனுமதிக்கும் வரை’ என்ற இரண்டு தொடர்களையும் விட்டுவிடக் கூடாது. ஏட்டளவில் இது முழுத் தடை அல்ல. மொழிபெயர்ப்பு திருச்சபையின் கைவழியாக வர வேண்டும் என்ற நிபந்தனை. நடைமுறையில் அந்த அனுமதி அடுத்த நூறு ஆண்டுக்கும் மேலாக எந்தப் புதிய முழு மொழிபெயர்ப்புக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அனுமதி என்ற கதவைச் சட்டத்தில் வைத்துவிட்டு, அதைத் திறக்காமலே இருந்தது ஆங்கிலேய ஆயர்களின் பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால், அனுமதிக்கப்பட்ட பைபிள் ஒன்று கையில் இருந்திருந்தால், நீங்கள் குறிப்பிட்ட, கொல்லப்பட்ட மொழிபெயர்ப்பாளரான வில்லியம் டிண்டேல் வெளிநாடு போக வேண்டியிருந்திருக்காது.

டிண்டேல் முதலில் முறைப்படிதான் போனார். 1523-இல் லண்டன் ஆயர் கத்பர்ட் டன்ஸ்டாலிடம் ஆதரவு கேட்டார்; ஆயரின் வீட்டில் இடமில்லை என்ற பதில் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனிக்குப் போய், டச்சு அறிஞர் எராஸ்முஸ் 1516-இல் முதன்முதலில் பதிப்பித்த கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். கொலோனில் அச்சு நடந்துகொண்டிருந்தபோது விஷயம் வெளியே தெரிந்து, அச்சிட்ட தாள்களை எடுத்துக்கொண்டு தப்பினார். 1526-இல் வோர்ம்ஸ் நகரில் முழு நூலும் வெளிவந்தது. துணி மூட்டைகளுக்குள் மறைத்து அதை இங்கிலாந்துக்குள் கொண்டுவந்தார்கள். டன்ஸ்டால் அதே ஆண்டு புனித பவுல் பேராலய வளாகத்தில் பிரதிகளை எரித்தார்.

வோர்ம்ஸ் பதிப்பின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். கொலோனில் தொடங்கிய பதிப்பில் லூத்தரின் கருத்துகளைத் தழுவிய முன்னுரையும் ஓரக் குறிப்புகளும் இருந்தன. வோர்ம்ஸ் பதிப்பில் அவை இல்லை. கையடக்கமான அளவில், முடிவில் வாசகருக்கான ஒரு சிறு உரை தவிர, மூலத்தின் மொழிபெயர்ப்பு மட்டும். அப்படியானால் எதிர்ப்பு கலகக்காரக் குறிப்புகளுக்கு எதிரானது என்று சமாதானம் சொல்ல முடியாது. ஓரக் குறிப்பு எதுவுமே இல்லாத வெறும் வாசகம், சொல்லித்தர ஆள் இல்லாமல் ஒரு தையற்காரனின் கையிலோ பயிற்சித் தொழிலாளியின் கையிலோ தனியாகப் போய்ச் சேர்ந்ததுதான் பிரச்சினை.

அந்த வெறும் வாசகத்திற்குள் என்ன இருந்தது? எதிர்ப்பாளர்களில் மிகக் கூர்மையானவரான தாமஸ் மோர் 1529-இல் எழுதிய நூலில் குறிப்பாகச் சில சொற்களைச் சுட்டிக்காட்டினார். கிரேக்கத்தில் ‘எக்லேசியா’ என்று வரும் இடத்தில் டிண்டேல் ‘சர்ச்’ என்று போடாமல் ‘காங்கிரிகேஷன்’, அதாவது கூடியிருக்கும் மக்கள் என்று போட்டார். ‘ப்ரெஸ்புதெரோஸ்’ என்ற சொல்லுக்குக் குரு என்று சொல்லாமல் மூத்தவர் என்று பொருள் தந்தார். லத்தீன் பைபிளில் ‘தவப்பரிகாரம் செய்யுங்கள்’ என்று படிக்கத்தக்க வகையில் இருந்த கட்டளை, அவருடைய ஆங்கிலத்தில் ‘மனம் திரும்புங்கள்’ என்று ஆனது. நம்மூர் சீர்திருத்தச் சபைகளின் தமிழ் பைபிளைப் படித்துப் பழகியவர்களுக்கு ‘சபை’, ‘மூப்பர்’, ‘மனந்திரும்புங்கள்’ எல்லாம் மிக இயல்பான சொற்கள். அவற்றில் என்ன ஆபத்து என்று தோன்றும்.

ஆபத்தை அன்றைய ஒரு பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலிருந்த ஊரின், வாழ்க்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவன் பாவம் செய்தால் குருவிடம் போய் அறிக்கையிட வேண்டும். குரு மன்னிப்பு வழங்கிப் பரிகாரம் விதிப்பார். இறந்த பிறகும் தீராத பரிகாரத்துக்காகக் குடும்பத்தார் பூசைக்குக் காணிக்கை வைப்பார்கள், மடங்களுக்கு நிலம் எழுதிவைப்பார்கள். இந்த ஏற்பாடு முழுவதற்கும் வேத ஆதாரம், இயேசுவே ‘தவப்பரிகாரம் செய்யுங்கள்’ என்று கட்டளையிட்டார் என்பதும், அவர் குருக்களை ஏற்படுத்தினார் என்பதும், திருச்சபை என்ற அமைப்பைக் கட்டினார் என்பதும்தான். அந்த மூன்று இடங்களிலும் வாசகம் மனந்திரும்புதல், மூத்தவர், கூடியிருக்கும் மக்கள் என்று மாறிவிட்டால், படிப்பவன் யாருடைய தூண்டுதலும் இல்லாமலே ஒரு கேள்வியைக் கேட்பான்: இந்தப் பாவசங்கீர்த்தனமும் காணிக்கையும் குருவின் தனி அதிகாரமும் இதில் எங்கே எழுதியிருக்கிறது? மோருக்கு இது நன்றாகப் புரிந்தது. அவர் முட்டாளும் அல்லர், மக்களை வெறுத்தவரும் அல்லர். ஆயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை சேர்த்துவைத்த பொருளை இந்தச் சொற்கள் தாங்கி நிற்கின்றன. அகராதிப் பொருளை வைத்துக்கொண்டு அவற்றை மாற்றுவது நேர்மையான மொழிபெயர்ப்பு ஆகாது என்பது அவர் வாதம். அதே எராஸ்முஸ் லத்தீனில் ‘காங்கிரிகாத்சியோ’ என்று சில இடங்களில் எழுதியபோது நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று டிண்டேல் 1531-இல் திருப்பிக் கேட்டார். அது பலமான பதில். லத்தீனில் அறிஞர்களுக்குள் விவாதப் பொருளாக இருக்கத் தகுந்தது, ஆங்கிலத்தில் ஊராருக்குச் சொல்லத் தகாததாகிவிடுகிறது என்பதை அது வெளிச்சமாக்கியது.

மோர் ஆங்கில பைபிளே கூடாது என்று சொல்லவில்லை என்பது பலருக்குத் தெரியாது. தகுதியானவர்கள் மொழிபெயர்க்கட்டும், அச்சிட்ட பிரதிகள் ஆயரிடம் இருக்கட்டும், நாணயமும் நிதானமும் உள்ளவர் என்று தாம் கருதுகிறவருக்கு ஆயர் ஒரு பிரதியைக் கொடுக்கட்டும், அவர் இறந்தபின் அது ஆயரிடமே திரும்பிவிட வேண்டும் என்று அவரே ஒரு திட்டம் எழுதினார். சிலருக்கு மத்தேயு நற்செய்தியைக் கொடுத்து யோவானைக் கொடுக்காமல் விடலாம். எபேசியர் நிருபத்தை அனுமதித்து உரோமர் நிருபத்தை மறுக்கலாம் என்றும் சொன்னார். அடக்குமுறைத் திட்டமாகத் தோன்றினாலும் இதற்குள் ஒரு தெளிவான கொள்கை இருக்கிறது: வேதத்தின் எல்லாப் பகுதியும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உரியதல்ல, படிப்பவனின் பக்குவம் அறிந்து ஆசிரியன் கொடுக்க வேண்டும். நம் மரபில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கொள்கை அந்நியமானதே அல்ல.

யூத மரபில் இதே கொள்கை இன்னும் நுணுக்கமான விதிகளாக இருந்தது. எபிரேயம் பேச்சு வழக்கிலிருந்து விலகிய காலத்தில் தொழுகைக்கூடத்தில் மோசேயின் ஐந்நூல்களான தோராவைப் படிக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று அராமிய மொழியில் பொருள் சொல்வார். படிப்பவர் ஒரு வசனத்துக்கு மேல் தொடர்ந்து படிக்கக் கூடாது. மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் எழுதிவைத்த ஏட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாது, வாய்மொழியாகவே சொல்ல வேண்டும். எழுதிப் படித்தால் கேட்பவர்கள் மொழிபெயர்ப்பையும் வேதம் என்று எண்ணிவிடக் கூடும் என்பது அதன் உட்கருத்து. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா நூலின் மெகில்லா பகுதி, எபிரேயத்தில் படிக்க வேண்டிய, ஆனால் மொழிபெயர்க்கக் கூடாத பகுதிகளையே பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று பொன் கன்றுக்குட்டிக் கதையின் இரண்டாம் பகுதி. மக்கள் கன்றை வணங்கிய முதல் பகுதியை மொழிபெயர்க்கலாம். தலைமைக் குருவான ஆரோன் மோசேயிடம் ‘பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்று வெளியே வந்தது’ என்று சாக்குச் சொல்லும் பகுதியை மொழிபெயர்க்கக் கூடாது. வேதத்தை ஒளிக்கவில்லை, எபிரேயம் அறிந்தவர் கேட்கிறார். ஆனால் குருவின் மானம் சந்தைமொழியில் போகக் கூடாது. கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் இடையிலான எல்லை வசனத்துக்கு வசனம் கோடு போட்டுக் காட்டப்பட்ட இடம் இது. இதைப் போலத் துல்லியமாக வேறு எந்த மரபிலும் நான் பார்த்ததில்லை.

இஸ்லாத்தில் பயத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது, அதை இங்கிலாந்தோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. குர்ஆன் அரபு மொழியில் இறங்கிய சொல். அதன் ஒலியும் அமைப்பும் மனிதரால் ஈடு செய்ய முடியாதவை என்பது நம்பிக்கை. எனவே வேறு மொழியில் வரும் எதுவும் குர்ஆன் ஆகாது. ஆனால் பொருள் சொல்வதற்குத் தடை இருந்ததாக நினைப்பது தவறு. 767-இல் இறந்த இமாம் அபூ ஹனீஃபா, தொழுகையிலேயே பாரசீகத்தில் ஓதுவதை ஏற்றார் என்பது பிரபலமான சட்டக் கருத்து. அவருடைய மாணவர்கள் அதை அரபு ஓத இயலாதவர்க்கு மட்டும் என்று சுருக்கினார்கள். பத்தாம் நூற்றாண்டில் சாமானித் வம்சத்து அரசர் மன்சூர் இப்னு நூஹ், தபரியின் குர்ஆன் விரிவுரையைப் பாரசீகத்தில் பெயர்க்கலாமா என்று தம் நாட்டு உலமாக்களைக் கேட்டு, அவர்கள் ஒப்புதல் தந்த பிறகே அதைச் செய்வித்தார். மூலத்தின் அடியில், விளக்கமாக வரும்வரை எல்லாம் சரி. 1930-இல் ஆங்கிலேய முஸ்லிம் அறிஞர் பிக்தால் தம் ஆங்கில ஆக்கத்துக்குக் குர்ஆனின் பொருள் என்று தலைப்பிட்டதும், இன்று சென்னை மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ நீங்கள் வாங்கும் தமிழாக்கத்தில் பொதுவாக அரபு மூலமும் சேர்ந்தே அச்சாகியிருப்பதும் இதே கொள்கையின் தொடர்ச்சி.

எப்போது அது அச்சமாக மாறியது என்றால், மூலத்தின் இடத்திலேயே மொழிபெயர்ப்பை அமர்த்த அரசு முயன்றபோது. துருக்கியில் 1924-இல் கலீஃபா பதவி ஒழிக்கப்பட்டது. 1932-இல் பள்ளிவாசல்களில் துருக்கி மொழியில் குர்ஆன் ஓதும் முயற்சி நடந்து, பாங்கும் துருக்கி மொழிக்கு மாற்றப்பட்டது. பாங்கு 1950 வரை அப்படியே இருந்தது. எகிப்தில் வாழ்ந்த ரஷீத் ரிளா போன்ற அறிஞர்கள் மொழிபெயர்ப்பை அவ்வளவு கடுமையாக எதிர்த்ததை இந்தச் சூழலோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரே அரபுச் சொல்லால் கட்டுண்டிருந்த சமூகம் நாட்டுக்கொரு வேதமாக உடைந்துபோகும் என்பது அவர்கள் கண்ட ஆபத்து.

நம் பக்கத்துக்கு வந்தால், நால்வேத விஷயத்தில் தடை மொழிபெயர்ப்பு வரை போகவே இல்லை. அதற்கு முந்தைய படியில் நின்றுவிட்டது. பிரம்மசூத்திரத்தில் சூத்திரருக்கு வேதம் கேட்பதும் ஓதுவதும் மறுக்கப்படும் பகுதி இருக்கிறது. உரையாசிரியர்கள் அதை ஆதரித்தே எழுதினார்கள். பிறப்பை வைத்து ஒலியையே பூட்டியது அது. அதை நியாயப்படுத்த எதுவும் இல்லை. இதற்கு நேரெதிராகத் தென்னாட்டு வைணவம் நம்மாழ்வாரின் திருவாய்மொழியைத் தமிழ் வேதம் என்றே ஏற்றது. கோயில் புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே தமிழ்ப் பிரபந்தமும் பின்னே வடமொழி வேதமும் ஓதப்படுவதைத் திருவல்லிக்கேணியில் இன்றும் காணலாம். வேளாளராகப் பிறந்தவரின் தமிழ், வேதம் ஆயிற்று. ஆனாலும் விளக்கத்தின் மீதான கட்டுப்பாடு அங்கேயும் வந்தது. திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விரிவுரையை அவர் சீடர் வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் தாமே ஏட்டில் எழுதிவைத்தார். தம் அனுமதியின்றி எழுதப்பட்டதால் நம்பிள்ளை அந்த ஏடுகளை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு அவை ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் சேர்ந்து, ஓராண் வழியாக, ஒரு ஆசிரியர் ஒரு சீடருக்கு என்ற முறையில் வந்து, மணவாள மாமுனிகள் காலத்தில்தான் பரவலாயிற்று என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. இன்று ‘ஈடு’ என்று நாம் படிப்பது அந்த உரை. மூலம் தமிழ், உரையும் மணிப்பிரவாளம். மொழி இங்கே தடையே இல்லை. ஆசிரியன் இல்லாமல் ஏடு தனியாக நடமாடுவதுதான் கவலை. மோருடைய கவலையும் இதுவே.

கவலை வெறும் கற்பனையா என்பதும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. கற்பனை இல்லை. லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522-இல் வந்தது. 1525-இல் மெம்மிங்கன் நகரில் கூடிய விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை அச்சிட்டபோது ஓரத்தில் வேத வசன எண்களைக் குறித்திருந்தார்கள். தம் போதகரைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கிறிஸ்து எல்லாரையும் தம் இரத்தத்தால் மீட்டபின் யாரும் யாருக்கும் அடிமையாக இருக்க முடியாது என்பது மூன்றாவது. அந்தக் கிளர்ச்சி படுகொலையில் முடிந்தது, லூத்தரே விவசாயிகளுக்கு எதிராக எழுதினார். வேதத்தை மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தவரே, அதை மக்கள் படித்த விதத்தைக் கண்டு அஞ்சினார். இதை வைத்து மோர் சொன்னது சரி என்று நான் சொல்லமாட்டேன். அடிமைத்தனத்தை எதிர்த்த அந்த விவசாயி வசனத்தைத் தவறாகப் படித்தான் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

டிண்டேல் 1535-இல் ஆண்ட்வெர்ப்பில் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1536-இல் பிரசெல்ஸுக்கு அருகே வில்வோர்டேயில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அதற்கு அடுத்து நடந்ததுதான் என் கருத்தில் மிக முக்கியமான சாட்சியம். மூன்றே ஆண்டில், பெரும்பகுதி அவருடைய சொற்களையே கொண்ட பைபிளை எட்டாம் ஹென்றியின் அரசே அச்சிட்டு ஒவ்வொரு கோயிலிலும் வைக்கச் சொன்னது. புனித பவுல் பேராலயத்தில் ஆயர் போனர் ஆறு பைபிள்களை வைத்தார். மக்கள் அங்கே கூடினார்கள். எழுத்தறிந்தவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். வழிபாட்டு நேரத்தில் உரக்கப் படிக்காதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள் என்று ஆயர் அறிவிக்க வேண்டியதாயிற்று. நன்றாகப் படிக்கும் குரல்வளம் கொண்ட ஜான் போர்ட்டர் என்ற இளைஞர் அதற்காகவே சிறையில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார்.

1543-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. டிண்டேலின் பெயரில் வந்த மொழிபெயர்ப்பைத் தடுத்தது; அனுமதித்த மொழிபெயர்ப்பைப் படிப்பவரைத் தரம் பிரித்தது. பிரபுக்கள் தம் வீட்டாருக்குப் படித்துக் காட்டலாம். வணிகர்கள் தனியாகப் படிக்கலாம். உயர்குடிப் பெண்கள் தமக்குத் தாமே படிக்கலாம். மற்றப் பெண்கள், கைவினைஞர்கள், பயிற்சித் தொழிலாளர்கள், வேலையாட்கள், உழவர்கள், கூலியாட்கள் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டையும் பழைய ஏற்பாட்டையும் தொடக் கூடாது. 1546-இல் குளோஸ்டர்ஷயரில் செயின்ட்பரி குன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் தாம் வாங்கிய வேறொரு நூலின் தாளில், மேய்ப்பர்கள் வேதத்தைப் படிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டதால் இதை வாங்கினேன், கடவுள் அந்தக் குருட்டுத்தனத்தைத் திருத்துவாராக என்று எழுதிவைத்தார். அந்த ஏடு இன்றும் இருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் தெரியும், படிக்கத் தெரியும், அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பும் நாட்டில் இருந்தது. அவருடைய தொழில் மட்டுமே தடை.

அந்தச் சட்டம் ஹென்றி இறந்ததும் 1547-இல் நீங்கியது. ஆனால் சொற்களின் மீதான கவலை நீங்கவில்லை. 1604-இல் அரசர் ஜேம்ஸ் புதிய மொழிபெயர்ப்புக்குக் குழுக்கள் அமைத்தபோது, ஆயர்களை நீக்கிவிட்டுப் போதகர்களாலும் மூப்பர்களாலும் நடத்தப்படும் சபையை விரும்பிய தூய்மைவாதிகள் நாட்டில் வலுவாக இருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட விதிகளில் மூன்றாவது, பழைய திருச்சபைச் சொற்களை மாற்றக் கூடாது, ‘சர்ச்’ என்பதைக் ‘காங்கிரிகேஷன்’ என்று பெயர்க்கக் கூடாது என்பது. ஆறாவது, எபிரேய, கிரேக்கச் சொற்களை விளக்கத் தேவையானவை தவிர ஓரக் குறிப்பே கூடாது என்பது. போப்பின் அதிகாரத்தை உதறி எழுபது ஆண்டு கழித்து, சீர்திருத்தத் திருச்சபையின் அரசர், மோர் 1529-இல் கேட்ட அதே சொல்லைத் திரும்ப வைக்கச் சொன்னார். 1611-இல் வெளிவந்த பைபிளில் அந்த விதிப்படியே ‘சர்ச்’ என்று அச்சாயிற்று.